நாலாவது வாரம்: விமர்சனம் ஐந்து

அண்ணன் ஐஸ் பெட்டி வாங்கி வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை. கண்ணாடி மூடி போட்ட, இறந்தவரைக் கிடத்தும் குளிர்பெட்டியைத்தான் உத்திரமேரூர்ப் பக்கம் ஐஸ் பெட்டி என்போம். புது டிராக்டர் வந்தால் எலுமிச்சம்பழம் வைத்துப் படம் எடுப்பார்கள். இதற்கு என்ன செய்வது? அம்மா உள்ளே இருந்தபடியே, "வூட்டுக்குள்ள மட்டும் எடுத்தாந்துராத" என்று சொல்லிவிட்டாள். பெட்டி மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே போயிற்று.

அண்ணன் பதினோரு வருடம் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். அவர்கள் வண்டியை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு இவனை அனுப்பிவிட்டார்கள். அவனுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: வேகமாக வண்டி ஓட்டுவது, சாவு வீட்டில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பது. ஆறு மாதத்துக்குள் தொழில் ஓடவில்லை என்றால் ஒரகடத்தில் ஏதாவது கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கப் போவதாகச் சொல்லியிருந்தான். முதுகெலும்பு தேய்ந்தவனால் பன்னிரண்டு மணி நேரம் நிற்க முடியாது. அவனுக்கும் அது தெரியும்.

ஊரில் ஏற்கெனவே ஒருவர் ஐஸ் பெட்டி வைத்திருந்தார். கடைவீதியில் மாலைக்கடை அவருடையது. பத்துப் பன்னிரண்டு வருடமாக யார் வீட்டில் சாவு என்றாலும் மாலைக்கும் பெட்டிக்கும் ஒரே போன். அவரைத் தாண்டி எங்களைக் கூப்பிட யாருக்கும் காரணம் இல்லை. அப்போது நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி வாயைத் திறந்தேன்.

"உள்ளூர்ல கீறவங்க அவரத்தான் கூப்புடுவாங்கண்ணா. வெளியூர்ல வேலை பாக்குற புள்ளைங்க கீறாங்க பாரு, அவங்களுக்கு இங்க யாரையும் தெரியாது. ராத்திரி பகல்னு பாக்காம போன்லதான் தேடுவாங்க. அவங்களுக்காக இன்டர்நெட்ல ஒரு பக்கம் ஆரம்பிப்போம்."

நான் சென்னையில் நாலு வருடம் கடைகளுக்குப் பக்கம் நடத்தித் தரும் ஆபீஸ் ஒன்றில் இருந்தேன். இப்போது ஊரில் இருந்தபடியே ஒரு பேக்கரிக்கும் ஒரு பட்டுக்கடைக்கும் அந்த வேலையைச் செய்கிறேன். கேக்குக்கும் புடவைக்கும் ஆள் சேர்த்தவள், சாவுக்குச் சேர்க்க மாட்டேனா என்று ஒரு திமிர். அந்தத் திமிரை இன்று நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

நெல் மண்டியில் கொடுத்த காலண்டரைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் முப்பது கட்டம் போட்டேன். வாரத்துக்கு மூன்று பதிவு, அதற்கு மேல் வேண்டாம். வெள்ளிக்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் கூடாது என்று அம்மா சொன்னதால் திங்கள், புதன், ஞாயிறு. முதல் வாரம்: நாங்கள் யார், எந்தெந்த ஊருக்கு வருவோம். இரண்டாவது வாரம்: பெட்டி எப்படி வேலை செய்கிறது. மூன்றாவது வாரம்: வாடகை எவ்வளவு, மக்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில். நாலாவது வாரம்: எங்களைக் கூப்பிட்டவர்கள் என்ன சொல்கிறார்கள். அந்தக் கடைசி வாரத்துக் கட்டத்தில் 'விமர்சனம் 5' என்று சிவப்பு மையில் எழுதி வட்டம் போட்டேன். பேக்கரிக்கும் அப்படித்தான் போட்டேன், கை அதன் பழக்கத்தில் எழுதிவிட்டது.

அண்ணன் அந்தக் காலண்டரைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியடித்து மாட்டினான். ஆஸ்பத்திரியில் டூட்டி சார்ட் பார்த்துப் பழகியவன். சார்ட்டில் இருப்பதைச் செய்து முடிப்பான், ஏன் என்று கேட்க மாட்டான்.

முதல் தகராறு அவன் முகத்தை வைத்துத்தான். பெட்டியின் படத்தைப் போட்டால் பயமாக இருக்கும், இன்டர்நெட்டில் எடுத்த படத்தைப் போட்டால் பொய் என்று தெரிந்துவிடும், ஆள் முகத்தைப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும் என்று அவனை நிற்கவைத்துப் படம் எடுத்தேன். சிரித்தால், யாராவது சாகமாட்டார்களா என்று காத்திருப்பவன் மாதிரி இருந்தது. சிரிக்காவிட்டால் கண்ணீர் அஞ்சலி பேனர். அண்ணி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கீழ தேதி மட்டும்தான் பாக்கி" என்றாள். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். கடைசியில் அவன் குனிந்து, பெட்டி ஏற்றும் வண்டிக்கு ஸ்டெப்னி மாட்டிக்கொண்டிருந்தபோது சொல்லாமல் எடுத்த படத்தை வைத்தேன்.

போன் நம்பர், விலாசம், எந்த நேரமும் கூப்பிடலாம் என்ற தகவல், எல்லாவற்றையும் நிரப்பினேன். யாரையும் அழைப்பதற்கு முன்னால் மூன்று பதிவாவது இருக்க வேண்டும், காலி வீட்டுக்கு விருந்தாளியைக் கூப்பிடக் கூடாது என்பது ஆபீஸில் கற்ற பாடம். காசு கொடுத்து விளம்பரம் செய்வதும் இப்போது வேண்டாம். வந்து பார்க்கிறவன் ஒன்றுமில்லாத பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போவான். மூன்று பதிவு போட்டேன். அப்புறம் என் கணக்கில் இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் 'இந்தப் பக்கத்தை விரும்புங்கள்' என்று ஒரே அழுத்தாக அழைப்பு அனுப்பினேன்.

மறுநாள் காலை மாமா அம்மாவுக்குப் போன் செய்தார். அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். தட்டு வைக்கிற நேரத்தில் அவர் போனில் முதலில் வந்து நின்றது எங்கள் ஐஸ் பெட்டி. பேசி முடித்துவிட்டு அம்மா என்னிடம் வந்தாள். கத்தவில்லை.

"உனக்கு புத்தி கீதா? நல்ல காரியம் நடக்குற வூட்டுக்கு இத அனுப்பிக்கினு கீற. இனிமே சொந்தத்துல ஒருத்தருக்கும் அனுப்பாத."

அதற்கப்புறம் அனுப்பவில்லை. பத்து நாள் முடிந்தபோது பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் பதினோரு பேர். அதில் ஏழு பேர் என்னோடு ஆபீஸில் இருந்தவர்கள், பாவப்பட்டுச் சேர்ந்தவர்கள். மீதி நாலு பேர் யார் என்று இன்றுவரை தெரியாது. ஐஸ் பெட்டிக்காரனைப் பிடித்திருக்கிறது என்று ஊரறிய எவன் சொல்லுவான்? எனக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பதிவுகள் நன்றாக இருந்தன. அதை இன்றும் சொல்லுவேன். அண்ணன் பேசினான், நான் எழுதினேன். பெட்டியை ஓடவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கிடத்த வேண்டும். அடிக்கடி மூடியைத் திறந்து தொட்டு அழுதால் குளிர் போய்விடும்; அழவேண்டாம் என்று யாரிடமும் சொல்ல முடியாது, நெருங்கிய சொந்தம் எல்லாம் வந்த பிறகு ஒரு தரம் திறந்து காட்டுவோம். கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும், அதனால் ஸ்டெபிலைசர் எங்களுடையது, கரண்ட் போனால் ஜெனரேட்டரும் எங்களுடையது. ஒவ்வொரு முறையும் மருந்துபோட்டுக் கழுவி வெயிலில் உலர்த்துகிறோம். டாக்டர் சான்றிதழை வாங்கி வையுங்கள், இறப்பை இருபத்தொரு நாளுக்குள் பதிவு செய்யுங்கள். ஒரு நாள் வாடகை இவ்வளவு, தூரத்துக்கு இவ்வளவு, வேறு எதுவும் இல்லை. மாலைக்கடைக்காரர் வாடகையை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. ஆளைப் பார்த்துச் சொல்லுவார். எங்களிடம் இருந்த ஒரே பலம் அதுதான்.

பதினேழாவது நாள் விடியற்காலையில் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் பெண். அவள் அம்மா சாலவாக்கம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இறந்துவிட்டார். அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். வீட்டில் அப்பா மட்டும். 'எங்கள் தெருவில் வோல்டேஜ் கம்மி. தாங்குமா?' என்று மட்டும் கேட்டிருந்தாள். தாங்கும், ஸ்டெபிலைசர் வரும், இன்னும் ஒரு மணி நேரத்தில் என் அண்ணன் உங்கள் வாசலில் இருப்பார் என்று பதில் போட்டுவிட்டு அவனை எழுப்பினேன். முகம்கூடக் கழுவாமல் கிளம்பினான்.

அவன் அந்த வீட்டில் இரண்டு நாள் இருந்தான். மறுநாள் மதியம் எடுத்த பிறகு பெட்டியை ஏற்றிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டான். அதுதான் முறை. சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அவர்களும் வாருங்கள் என்று சொல்ல மாட்டார்கள், நன்றி என்றும் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் போய் ஐந்து நட்சத்திரம் கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவளே இறப்புப் பதிவைப் பற்றிக் கேட்டு எழுதினாள். பதில் சொன்னேன். கடைசியில், 'உங்க அண்ணன் எங்க அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் குடிக்க வெச்சாராம். நான் எழுதணும். பதினாறு முடியட்டும்' என்று போட்டிருந்தாள்.

அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவன் போனை வாங்கி இன்னொரு தரம் தானே படித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் சொன்ன பதினாறாம் நாள் முப்பத்திரண்டாவது நாளில் விழுந்தது. என் காலண்டரில் அந்தக் கட்டமே இல்லை. இந்தத் தொழிலில் ஒரு மாதத்துக்குள் யாரிடமும் விமர்சனம் வாங்க முடியாது, திட்டமே தப்பு என்பது அப்போதே எனக்கு விளங்கியது. செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான்: சமையலறைக்குப் போய் அந்தச் சிவப்பு ஐந்தை அடித்துவிட்டு வருவது. பட்டுக்கடையில் ஆடித் தள்ளுபடி வேலை தலைக்கு மேல் இருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அண்ணன் தினமும் காப்பி குடிக்கும்போது அந்த ஐந்தைப் பார்த்திருக்கிறான்.

இருபத்தாறாவது நாள் மத்தியானம் பக்கத்தில் ஒரு விமர்சனம் வந்திருப்பதாகப் போன் காட்டியது. எழுதியவர் அண்ணனின் கூட்டாளி, பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர். 'எங்க நைனா இறந்தப்போ இவங்க கிட்டதான் பொட்டி எடுத்தோம். கூலிங் சூப்பர். நல்ல சர்வீஸ். நம்பிக் கூப்பிடலாம். அடுத்த தடவையும் இவங்கதான்.'

அவர் அப்பாவை அன்று காலைதான் நான் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். முன்னால் நின்றவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் அண்ணனைக் கேட்டேன். அவன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"நீதான பாப்பா அஞ்சு எழுதிகிற? ஒண்ணுகூட வரல. மாசம் முடியப் போவுது. அவன்கிட்ட, எதனா நல்லதா ரெண்டு வரி எழுதுடான்னேன். நைனாவ எழுதுவான்னு நான் கண்டனா?"

கூட்டாளிக்குப் போன் போட்டு அழிக்கச் சொன்னேன். அவர் மனிதர் நல்லவர், பதறிவிட்டார். "பொட்டி எடுத்தோம்னா யாருக்குன்னு கேப்பாங்களேம்மா. அம்மாவ எழுத மனசு வரல. அதான் நைனாவ எழுதிட்டேன்" என்றார். அழித்தார். ஆனால் அதற்குள் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்திருந்த அவர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, தம்பி போனை எடுக்கவில்லை என்றதும் தலைவிரிகோலமாய் பஸ் ஏறிவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கதறிக்கொண்டே நடந்தவளை, டீக்கடையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த அவள் அப்பாவே எழுந்துவந்து நிறுத்தினார். கிழவர் கோபப்படவில்லை. செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டி என்று சொல்லிச் சிரித்தாராம். பஸ் ஸ்டாண்டே சிரித்தது.

அழித்ததை யாரோ ஏற்கெனவே படமெடுத்து வைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் உள்ள எல்லா குரூப்பிலும் போய்விட்டது. மாலைக்கடைக்காரர் தன் வாயால் ஒரே ஒரு வரி சொன்னார் என்று கேள்வி: "உசுரோட கீறவருக்கே பொட்டி வெச்ச ஆளுப்பா." அதற்கு மேல் அவர் எதுவும் செய்யத் தேவையிருக்கவில்லை. மறுநாள் முதல் அண்ணன் தெருவில் போனால் பையன்கள் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக் காட்டினார்கள்.

நான் மன்னிப்புப் பதிவு எழுதினேன். அந்த விமர்சனம் உண்மையில்லை, நண்பர் ஆசையில் எழுதியது, எழுதச் சொன்னது எங்கள் தவறு, நீக்கிவிட்டோம் என்று சுற்றி வளைக்காமல் நாலு வரி. செய்யவேண்டியது அதுதான், அதைச் சரியாகத்தான் செய்தேன். ஒரு மாதமாகத் தவம் கிடந்தும் வராத ஜனம் அன்று வந்தது. பின்தொடர்கிறவர்கள் ஐந்நூறைத் தாண்டினார்கள். அடுத்து எவனைச் சாகடிக்கிறோம் என்று பார்க்க வந்தவர்கள். பக்கத்தைத் திறக்கவே அருவருப்பாக இருந்தது. அண்ணன் தன் போனில் இருந்து அதை எடுத்துவிட்டான். "நீயே பாத்துக்க பாப்பா, எனக்கு பேஜாரா கீது" என்றான்.

சாலவாக்கத்துப் பெண்ணை நான் மறந்தே போனேன். அன்றே அவளுக்கு ஒரு வரி போட்டு, இப்போது எழுதவேண்டாம் என்று தடுத்திருக்கலாம். தோன்றவேயில்லை. என் மானம் போனதிலேயே மூழ்கிக் கிடந்தேன்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. முப்பத்துமூன்றாவது நாள், காரியம் முடிந்த மறுநாள் காலையில் எழுதினாள். நான் பட்டுக்கடை வேலையாகக் காஞ்சிபுரம் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில்தான் பார்த்தேன். இப்படி எழுதியிருந்தாள்:

'அம்மா போன அன்று நான் நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தேன். இவர்களை எனக்கு யாரென்றே தெரியாது. சொன்ன நேரத்துக்கு வந்தார். அம்மாவின் முந்தானை கலைந்திருந்ததாம், தான் தொடாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, அதுவரை வெளியே நின்றாராம். நான் வந்ததும் மூடியைத் திறந்துவிட்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். சொன்ன வாடகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.'

அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள். நாற்பதோ ஐம்பதோ. எண்ண முடியவில்லை. 'இதுவும் ஆட்டோ ஸ்டாண்டா?' என்று ஒருவன். 'எவ்ளோ குடுத்தாங்க?' என்று ஒருவன். 'இந்தம்மாவோட அம்மா நாளைக்கு ரேஷன் கடைக்கு வருமா?' என்று கேட்டவனுக்கு மட்டும் இருபது பேர் கைதட்டியிருந்தார்கள்.

அந்தக் கேள்விக்கு அவளே பதில் சொல்லியிருந்தாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழைப் படமெடுத்துப் போட்டிருந்தாள். அதற்கும் சிரித்திருந்தார்கள்.

அடுத்தவர் எழுதிய விமர்சனத்தை நாம் அழிக்க முடியாது. அவர்களே அழிக்கலாம், இல்லையென்றால் நாம் விமர்சனப் பகுதியையே மொத்தமாக மூடலாம். மூடினேன். பஸ் குலுங்கியதில் இரண்டு தரம் தப்பாக அழுத்தி மூன்றாம் தரம் மூடினேன். அப்புறம் அவளுக்கு எழுதினேன். நடந்தது எல்லாவற்றையும் எழுதி, தப்பு முழுக்க எங்களுடையது, என்னுடையது என்றேன். உடனே பார்த்தாள். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது.

'பரவாயில்ல. நானும் எடுத்துட்டேன். அப்பா கண்ணுல படுறதுக்குள்ள எடுக்கணும்னு இருந்துச்சு. அம்மாவைப் பத்தி நான் எழுதின முதல் விஷயம் அது.'

அதற்குப் பதில் இன்றுவரை எழுதவில்லை.

மறுநாள் காலை அண்ணன் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தான். அண்ணி இட்லி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். ஒரகடத்தில் ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமை போய்ப் பார்க்கப் போகிறேன் என்றான். சரி என்றேன். இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்.

"சாலவாக்கத்தம்மா எழுதறேன்னு சொல்லிச்சே. பதினாறு முடிஞ்சிட்டிருக்குமே. எழுதிச்சா?"

"இல்லண்ணா."

அவன் தலையாட்டினான்.

"வுடு. துக்கத்துல மறந்துட்டு இருக்கும். போய் கேட்டுக்கினு நிக்காத, இன்னா?"

"கேக்க மாட்டேண்ணா" என்றேன்.